ஸ்டோர் ஒப்படைப்புக் குறிப்பு: தெரிந்த வித்தியாசத்தை எழுதி வைப்பதா, சரிக்கட்டிவிட்டுப் போவதா?

ராயக்கோட்டை ரோடு

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு சிறிய மெஷினிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. எனக்கு அடுத்து வரும் தம்பி உற்பத்திப் பிரிவிலிருந்து வருகிறார். மெஷின் நன்றாகத் தெரியும், ஸ்டோர் கணக்கு புதிது. அவருக்காக ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும்.

பதிவேடுகள் பகுதி பெரும்பாலும் முடிந்தது. சரக்கு வரவுப் பதிவு, பின் கார்டு, இன்டென்ட் கோப்பு, திரும்பி வரவேண்டிய பொருளுக்கான கேட் பாஸ் புத்தகம், ஜாப் ஒர்க் சலான் கோப்பு என்று எது எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தத் தேதி வரை எழுதப்பட்டிருக்கிறது என்று போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் இருப்பும் பின் கார்டும் ஒத்துப்போகாத பொருட்களுக்குத் தனித் தாள்.

சாவிகளை எண்ணிக் கொடுத்தால் போதாது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பூட்டையும் அவர் கையால் திறந்து, மூடிப் பார்க்க வேண்டும். ஷட்டரின் இடது பூட்டில் சாவியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் திரும்பும். பலமாகத் திருகினால் உள்ளேயே முறிந்துவிடும். கார்பைடு இன்சர்ட் அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று கையெழுத்திட்டு ஒட்டிய உறையில் கணக்குப் பிரிவில். பழைய இன்சர்ட் போடும் பெட்டிக்கும் தனிப் பூட்டு உண்டு. தேய்ந்த கார்பைடுக்குக் கிலோக் கணக்கில் நல்ல விலை கிடைக்கிறது. அதனால் பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்ற வழக்கத்தை நான் விட்டதில்லை. அவரும் விடக் கூடாது என்று காரணத்தோடு எழுதியிருக்கிறேன்.

இனி என் கேள்வி. 25 மி.மீ. எம்.எஸ். பிளாக் பாரில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சப்ளையர் கிலோவில் பில் போடுகிறார். எங்கள் சிஸ்டம் அதை மீட்டராக மாற்றி வரவு வைக்கிறது. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் கணக்குதான், அதாவது மீட்டருக்கு 3.858 கிலோ. கடைசியாக 2,000 கிலோ வந்தது, வரவு 518 மீட்டர். அதற்கு முந்தைய சரக்கு முழுவதும் தீர்ந்து, ரேக் காலியாக இருந்தபோது வந்த லாட் இது. இதுவரை 400 மீட்டர் கொடுத்திருக்கிறோம். ஆக கணக்கில் 118 மீட்டர் இருக்க வேண்டும். ரேக்கில் இருப்பது 93 மீட்டர். 25 மீட்டர் குறைகிறது. ஆறு மீட்டர் ராடு கணக்கில் நாலு ராடு.

பாதிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். வெர்னியரில் அளந்தால் இந்த ராடு 25.3 மி.மீ. இருக்கிறது. ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்தேன், 3.95 கிலோ. அந்த எடைக்கு 2,000 கிலோ என்பது 506 மீட்டர்தான். சிஸ்டம் 12 மீட்டரைத் தானாகக் கூட்டிக்கொண்டுவிட்டது. மீதி 13 மீட்டருக்குக் காரணம் தெரியவில்லை.

மேனேஜர், "நீங்கள் போவதற்குள் அட்ஜஸ்ட் செய்து நேராக்கிவிடுங்கள், புதியவருக்குச் சுத்தமான கணக்கு கிடைக்கட்டும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

புது டேலி

சார், இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? டேலியில் பிசிக்கல் ஸ்டாக் வவுச்சர் ஒன்று போட்டு 93 என்று அடித்தால் முடிந்தது. எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு மார்ச்சிலும் அப்படித்தான். புதிதாக வருபவர் கையில் இருப்பதும் கணக்கும் ஒன்றாக இருந்தால் போதும். பழைய கதை அவருக்கு எதற்கு?

ஜாப் ஒர்க் சலான் இருக்கிறது என்றீர்களே, அதை முதலில் கவனியுங்கள். 180 நாளுக்குள் பொருள் திரும்பி வராவிட்டால் வரி கட்ட வேண்டி வரும்.

வெர்னியர்

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். ஸ்டாக் ஆடிட் என் தொழில். ஓசூர் பக்கம் நிறைய ஸ்டோர்களில் எண்ணியிருக்கிறேன்.

93 என்று அடிப்பதில் தவறில்லை. என்றைக்காவது ஒருநாள் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் எழுதாமல் அடித்தால் என்ன ஆகும்? அடுத்த லாட் 2,000 கிலோ வரும். அதே ஆலை, அதே 25.3 வந்தால் சிஸ்டம் மறுபடியும் 518 என்றுதான் வரவு வைக்கும். கொஞ்ச நாளில் அதே 25 மீட்டர் குறையும். இந்த முறை கையெழுத்து புதியவருடையது. முந்தைய ஸ்டோர் கீப்பர் காலத்தில் வித்தியாசமே இல்லை என்று கணக்கு சொல்லும். அவர் வந்தார், நாலு ராடு காணோம் என்று பேச்சு வரும். மேனேஜர் சொல்லும் சுத்தமான கணக்கு அந்தத் தம்பிக்குத்தான் ஆபத்து.

உங்கள் 13 மீட்டருக்கு வருகிறேன். ராடை வெட்டுவது யார், ஸ்டோரா கட்டிங் பிரிவா? ஸ்லிப்பில் என்ன எழுதி வருகிறது, வெட்டிய துண்டின் நீளமா, ராடில் குறைந்த நீளமா? துண்டு எத்தனை மி.மீ.? இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

புது டேலி சொன்ன 180 நாள் பழைய எக்சைஸ் காலத்து விதி. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மூலப்பொருளுக்கு ஒரு வருடம், மூலதனப் பொருளுக்கு மூன்று வருடம். சலானை விடாமல் கவனிக்கச் சொன்னது மட்டும் சரி, அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அரூர் அலுவலர்

ஐயா, பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கை என்றால் மூன்று நகல் போட வேண்டும். ஒன்று உயர் அலுவலருக்கு, ஒன்று ஒப்படைப்பவருக்கு, ஒன்று ஏற்பவருக்கு. தேதியோடு முற்பகலா பிற்பகலா என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இருப்புப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். குறைவு இருந்தால் ஒப்படைப்பவரிடம் வசூலிக்க வழி உண்டு, எனவே எழுதும் முன் சங்கத்தில் கலந்து பேசுங்கள். நான் மாறுதலாகும்போது என்னிடம் ஒரு பழைய ஸ்டீல் பீரோவுக்குக் கணக்குக் கேட்டார்கள். பீரோ அறையிலேயே இருந்தது, அதில் எழுதிய எண் பெயின்ட் அடித்ததில் மறைந்துபோயிருந்தது. அதைச் சுரண்டிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

ராயக்கோட்டை ரோடு

அரூர் ஐயா, இது தனியார் கம்பெனி, அரசுப் படிவம் கிடையாது. ஆனால் முற்பகல், பிற்பகல் என்று நீங்கள் சொன்னது எனக்கு நேரடியாகப் பயன்படும். எண்ணும் நாளில் காலையில் சரக்கு வரும், மதியம் இன்டென்ட் வரும். எந்த ஸ்லிப் வரை என் கணக்கு, எதிலிருந்து அவர் கணக்கு என்று ஒரு கோடு வேண்டும். கடைசி வரவுச் சீட்டு எண்ணையும் கடைசி இன்டென்ட் எண்ணையும் குறிப்பின் தலைப்பிலேயே எழுதிவிடப் போகிறேன்.

வெர்னியர் சார், ராடை வெட்டுவது கட்டிங் பிரிவு. பேண்ட்சா மெஷின். அவர்கள் துண்டுகளை எண்ணி, நீளத்தால் பெருக்கி ஸ்லிப் அனுப்புவார்கள். இந்த லாட் முழுவதும் ஒரே வேலைக்குப் போனது, 60 மி.மீ. துண்டு. 400 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 6,670 துண்டு.

வெர்னியர்

நான் நினைத்தது இதுதான். பிளேடு தின்றதை ஸ்லிப்பில் யாரும் எழுதுவதில்லை.

சாதாரண பேண்ட்சா பிளேடு ஒரு வெட்டுக்குச் சுமார் ஒன்றரை மி.மீ. தூளாக்கும். நீங்கள் கட்டிங்கில் போய், வெட்டு விழுந்த இடத்தை அளந்துகொள்ளுங்கள், பிளேடுக்குப் பிளேடு மாறும். ஒன்றரை என்றே வைத்துக்கொள்வோம். 6,670 வெட்டுக்கு 10 மீட்டர். அவ்வளவும் தூளாகிக் கூலன்ட் தொட்டியில் கிடக்கும்.

அடுத்தது ராடின் கடைசித் துண்டு. வைஸ் பிடிக்கும் அளவுக்குக் கீழே போனால் அதை வெட்ட முடியாது. முதல் முனையையும் நேராக்க மெலிதாக வெட்டி எறிவார்கள். ஒரு ராடுக்கு இரண்டும் சேர்த்து 50 மி.மீ. போகிறது என்று வையுங்கள். ஆறு மீட்டர் ராடில் சராசரியாகக் கிட்டத்தட்ட 97 துண்டு கிடைக்கும். அந்தக் கணக்கில் உங்கள் 400 மீட்டருக்கு 69 ராடு வெட்டியிருக்க வேண்டும். 69 ராடுக்கு 3 மீட்டர் சொச்சம்.

பத்தும் மூன்றும் பதின்மூன்று. நீங்கள் தேடும் 13 மீட்டர் அங்கே இருக்கிறது.

கணக்கு இப்படி நேராக வந்துவிட்டதே என்று அப்படியே நம்பிவிடாதீர்கள். காகிதத்தில் எந்தக் குறையையும் நிரப்பக் காரணம் கண்டுபிடிக்கலாம், களத்தில் சோதிக்க வேண்டும். கட்டிங் பிரிவின் ஸ்கிராப் தொட்டியில் 25 மி.மீ. எண்ட் பிட்களைப் பொறுக்கி எடை போடுங்கள். 3.4 மீட்டர் என்றால் 13 கிலோ வர வேண்டும். இன்னொரு சோதனையும் இருக்கிறது. உங்களிடம் பிரைட் பார் இருந்தால் அதன் கணக்கையும் பாருங்கள். பிரைட் பார் இழுத்து அளவுக்குக் கொண்டுவரப்பட்டது, விட்டம் 25-ஐத் தாண்டாது. அதில் வெட்டுக் கழிவு மட்டும்தான் குறைய வேண்டும், மாற்றுக் கணக்கால் குறையக் கூடாது. அதிலும் பிளாக் பார் அளவுக்கே குறைந்தால், நாம் சொல்லும் காரணம் தப்பு. வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

பாலக்கோடு தம்பி

அண்ணா, நான் எதிர்ப்பக்கம். அடுத்த மாதம் வேறொரு கம்பெனியில் ஸ்டோரை ஏற்கப் போகிறேன். பழையவர் ஒரு நாளில் எல்லாம் முடித்துவிடலாம் என்கிறார். ஆயிரத்துக்கு மேல் ஐட்டம் இருக்கிறது. போல்ட், நட், ஓ-ரிங் எல்லாம் எண்ணி முடியாது. எண்ணாமல் கையெழுத்துப் போடலாமா?

காவேரிப்பட்டணம் மாங்கூழ்

தம்பி, என் கதையைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் ஒரு மாங்கூழ் ஆலையில் ஸ்டோரை ஏற்றது ஆகஸ்ட் மாதம். சீசன் முடிந்து ஆலை தூங்கும் நேரம். பழையவர் கொடுத்த பட்டியலில் எல்லாமே கணக்குப்படி சரியாக இருந்தது. நானும் எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. நிம்மதியாகக் கையெழுத்திட்டேன்.

மே மாதம் பெங்களூரா மாங்காய் வர ஆரம்பித்தது. அசெப்டிக் பை எடுக்கப் போனால், பெட்டி மேல் அச்சிட்ட தேதி தாண்டிப்போன பைகள் கணிசமாக இருந்தன. பையை உள்ளே கிருமியில்லாமல் செய்து மூடி அனுப்புகிறார்கள், அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றுமதிக் கூழை அதில் நிரப்பத் தரக்கட்டுப்பாட்டில் விடமாட்டார்கள். எண்ணிக்கை சரி, பொருள் உதவாது. அப்புறம் டின்களும் மூடிகளும். டின் ஒரு சப்ளையர், மூடி ஒரு சப்ளையர். டின் எண்ணிக்கைக்கு மூடி இருந்தது. ஆனால் கொஞ்சம் மூடி வேறு அளவு டின்னுக்கானது, இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். சீசனில் ஒரு நாள் லைன் நின்றால் வெளியே லாரியில் பழம் அழுகும். அந்த வாரம் நான் பட்டது போதும்.

குறிப்பு எழுதும் அண்ணனுக்கும் இதைச் சொல்கிறேன். எண்ணிக்கையில் குறைவதை மட்டும் வித்தியாசம் என்று எழுதாதீர்கள். இருக்கிறது ஆனால் ஆகாது என்பதற்கு ஒரு பகுதி வேண்டும்.

வெர்னியர்

அக்கா சொன்னது மிகச் சரி. மெஷினிங் கம்பெனியிலும் இது உண்டு. தேதி முடிந்த ரப்பர் சீல், டிசைன் மாறிப்போன கேஜ், சப்ளையர் எடுத்துப் போகாத ரிஜெக்ட் லாட் எல்லாம் அந்தப் பகுதியில் வர வேண்டும். ரிஜெக்ட் லாட்டுக்கு முன்னால், அது நம்முடைய சரக்கா சப்ளையருடையதா என்றும் எழுதுங்கள்.

பாலக்கோடு தம்பிக்கு: கையெழுத்தை மூன்றாகப் பிரியுங்கள். "நான் எண்ணிப் பார்த்து ஏற்றவை", "எடை போட்டோ அளந்தோ ஏற்றவை", "எண்ணவில்லை, கணக்கில் உள்ளபடி ஏற்றவை". மூன்றாவதில் எத்தனை நாளுக்குள் எண்ணி முடிப்பேன் என்று தேதி போட்டு மேனேஜரிடமும் கையெழுத்து வாங்குங்கள். விலை உயர்ந்தவை எப்படியும் மொத்த ஐட்டத்தில் கொஞ்சம்தான் இருக்கும். இன்சர்ட், பேரிங், கேஜ், செம்பு, பித்தளை இவற்றை முதல் நாளே எண்ணுங்கள். இன்சர்ட் பெரும்பாலும் பத்து கொண்ட பெட்டியாக வரும். பெட்டியை மட்டும் எண்ணாமல் திறந்து பாருங்கள். லைனில் அவசரத்துக்கு இரண்டை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பழையபடி மூடி வைக்கும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது.

புது டேலி

சரி சார், 180 நாள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. குறைவை எழுதி வைத்தாலும் கடைசியில் ரைட்-ஆஃப் செய்யத்தானே வேண்டும்? காரணம் எழுதினால் பணம் திரும்பி வந்துவிடுமா?

வெர்னியர்

வரும், ஒரு வகையில். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவில், தொலைந்த, திருடுபோன, அழிந்த, ரைட்-ஆஃப் செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது என்று இருக்கிறது. நீங்கள் வெறுமனே "இருப்பில் குறைவு, ரைட்-ஆஃப்" என்று எழுதினால், அந்த இரும்புக்கு எடுத்த வரியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பிளேடில் தூளானதும் எண்ட் பிட்டாகப் போனதும் உற்பத்தியில் பயன்பட்ட சரக்கின் கழிவு. சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு இரும்பு உற்பத்தி நிறுவனத்தின் வழக்கில், உற்பத்தியில் இயல்பாக ஏற்படும் இழப்புக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. மாற்றுக் கணக்கால் கூடிய 12 மீட்டரோ என்றுமே வராத சரக்கு. 2,000 கிலோவுக்குப் பணம் கட்டினீர்கள், 2,000 கிலோ வந்தது. நீளத்தில்தான் கற்பனை.

ஆக 25 மீட்டரை ஒரே வரியில் தள்ளினால், இரண்டு வெவ்வேறு விஷயத்தைத் திருட்டு மாதிரி பதிந்துவிடுகிறீர்கள். காரணம் எழுதும் வேலையை ஸ்டோர் கீப்பர் செய்யாவிட்டால் கணக்குப் பிரிவால் செய்ய முடியாது. அவர்களிடம் வெர்னியரும் இல்லை, ராடும் இல்லை.

ஜாப் ஒர்க் சலானையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்குள் திரும்பாத பொருளை, அனுப்பிய அன்றே விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வருடம் முடிந்த நாளிலிருந்து இல்லை, அனுப்பிய நாளிலிருந்து. அதனால் வட்டியும் பின்னால் போகும். ஒப்படைப்புக் குறிப்பில் சலான் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. அனுப்பிய தேதி, கெடு முடியும் தேதி, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, மீதி எங்கே என்ற ஐந்தும் வேண்டும். டை, ஜிக், ஃபிக்சர், டூல் போன்றவற்றுக்கு இந்தக் கெடு கிடையாது. ஆனால் அவைதான் மறந்துபோய் வெளியே தங்கிவிடும், அதனால் தனிப் பட்டியல் போடுங்கள்.

ராயக்கோட்டை ரோடு

சலான் பகுதியைத் திருத்தி எழுதிவிட்டேன். ஒன்று அவசரமாகத் தெரிந்தது. பிளேட்டிங்குக்கு பெங்களூரு பக்கம் 400 புஷ் அனுப்பியதில் 380 வந்திருக்கிறது. மீதி 20 பிளேட்டிங்கில் கெட்டுப்போனது என்று டிரைவரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போய்ப் பத்து மாதம் ஆகிறது. நான் இருக்கும்போதே அந்த 20 பீஸைக் கெட்டதாக இருந்தாலும் சலான் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாங்கி, எண்ணி, ஸ்கிராப்பில் போட்டு, சலானை மூடிவிட்டுத்தான் போவேன்.

தம்பிக்காக இன்னொன்றும் எழுதினேன். அத்திப்பள்ளிக்குப் போனாலே வேறு மாநிலம், கர்நாடகம். ஜாப் ஒர்க்குக்கு வேறு மாநிலம் போகும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். பத்து கிலோமீட்டர்தானே, நாலு பீஸ்தானே என்று பைக்கில் கொடுத்து அனுப்பும் பழக்கம் இங்கே நிறைய பேரிடம் இருக்கிறது. உற்பத்திப் பிரிவிலிருந்து வருபவருக்கு அவசரத்தில் அப்படித்தான் தோன்றும்.

காவேரிப்பட்டணம் மாங்கூழ்

அண்ணா, நிலுவை ஆர்டர் பற்றி எழுதவே இல்லையே?

ராயக்கோட்டை ரோடு

எழுதுகிறேன் தங்கச்சி. அதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

பி.ஓ. பட்டியலை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தால் பயனில்லை. திறந்திருக்கும் ஆர்டரில் பாதி உயிரில்லாதது. உதாரணமாக ஒரு பேரிங். 500 கேட்டோம், 320 வந்தது. மீதி 180-ஐ விலை ஏறிவிட்டதால் தரமாட்டேன் என்று சப்ளையர் போனில் சொல்லிவிட்டார். ஆனால் சிஸ்டத்தில் ஆர்டர் திறந்தே இருக்கிறது. இருப்பு குறைந்தாலும் 180 வரப்போகிறது என்று சிஸ்டம் எண்ணிக்கொண்டு, புதிதாக வாங்கச் சொல்லி எச்சரிக்கை தராது. ரேக் காலியாகும் அன்றைக்குத்தான் தெரியும். பழகியவருக்கு இது நினைவில் இருக்கும், புதியவருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு நிலுவை ஆர்டருக்கும் சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்டு, வரும், வராது, சந்தேகம் என்று மூன்றாகப் பிரித்தேன். வராது என்றவற்றைக் கொள்முதல் பிரிவில் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். சந்தேகம் என்பதில் யாரிடம், எந்தத் தேதியில் பேசினேன், என்ன சொன்னார் என்று ஒரு வரி.

முன்பணம் கொடுத்து வராமல் இருப்பவை மட்டும் கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வாரம் அதுதான் வேலை.

பாலக்கோடு தம்பி

அண்ணா, உங்கள் லாகின் பாஸ்வேர்டைக் குறிப்பில் எழுதுவீர்களா? எங்கள் பழையவர் என்னிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்கிறார். வசதியாகத்தான் இருக்கும்.

வெர்னியர்

வாங்காதீர்கள் தம்பி. அவர் போன பிறகு அவர் பெயரில் பதிவு விழுந்தால் நாளைக்கு இருவருக்கும் தலைவலி. உங்களுக்குப் புதிய பெயரில் லாகின் கேளுங்கள். ஒப்படைத்த நேரத்தில் அவருடையதை முடக்கச் சொல்லி மேனேஜருக்கு மெயில் போடுங்கள். எந்தப் பதிவு யாருடையது என்று அரூர் ஐயா சொன்ன முற்பகல் பிற்பகல் கோடு அங்கேயும் விழும்.

ராயக்கோட்டை ரோடு

வெர்னியர் சார், சோதித்துவிட்டேன். பிளேடு வெட்டை அளந்தேன், ஒன்றரைதான். ஸ்கிராப் தொட்டியில் பொறுக்கிய எண்ட் பிட் 11 கிலோ. நீங்கள் 13 சொன்னீர்கள். தொட்டியிலிருந்து துண்டுகளை ஃபிக்சர் பிரிவில் அவ்வப்போது எடுத்துக்கொள்வார்கள், அதனால் 2 கிலோ குறைவது எனக்கு வியப்பாக இல்லை. ஆனால் நிரூபிக்க முடியாது, அதையும் அப்படியே எழுதிவிட்டேன். பிரைட் பாரில் 20 மி.மீ. எடுத்துப் பார்த்தேன். வெட்டுக்கு உரியது மட்டும்தான் குறைகிறது.

குறிப்பில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது:

"25 மி.மீ. பிளாக் பார். கணக்கு 118 மீட்டர், எண்ணியது 93 மீட்டர். ராடு 25.3 மி.மீ. இருப்பதால் வரவில் கூடுதலாக விழுந்தது 12. வெட்டில் தூளானது 10. எண்ட் பிட் 3, அதில் எடை போட்டுப் பார்த்தது 11 கிலோ. புதிய லாட் வந்ததும் ஐந்து ராடுகளில் விட்டம் அளந்து, ஒரு மீட்டர் எடை போட்டு, வரவுச் சீட்டின் பின்னால் எழுதவும். குறைவு வரவுக்கும் வெட்டின் எண்ணிக்கைக்கும் ஏற்றபடி வந்தால் காரணம் இதுவே. வெட்டே நடக்காத வாரத்தில் குறைந்தால் உடனே மேனேஜரிடம் சொல்லவும்."

இருப்பைத் திருத்தும் பதிவை நானும் தம்பியும் சேர்ந்து எண்ணி, இந்தக் காரணத்தை இணைத்து, மேனேஜர் கையெழுத்தோடு போடுவதாக முடிவு. மேனேஜரும் வரி விஷயத்தைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

ஒன்று மட்டும் தீரவில்லை. இனி பாரை மீட்டரிலேயே வைப்பதா, கிலோவுக்கு மாற்றுவதா?

வெர்னியர்

என்னைக் கேட்டால் கிலோ. வாங்குவதும் கிலோ, ஸ்கிராப் விற்பதும் கிலோ. நடுவில் மட்டும் மீட்டர் எதற்கு?

புது டேலி

இல்லை சார். கிலோவில் வைத்தால் ஒவ்வொரு இன்டென்ட்டுக்கும் ராடை எடை போடணும். கட்டிங்கில் தராசே இருக்காது. மீட்டரில் வைத்து, ஒவ்வொரு லாட்டுக்கும் அளந்த எடையை சிஸ்டத்தில் போட வழி இருந்தால் அது போதும். எங்கள் சாஃப்ட்வேரில் லாட் வாரியாக மாற்று அளவு போடலாம்.

ராயக்கோட்டை ரோடு

எங்கள் சிஸ்டத்தில் லாட் வாரியாகப் போட முடியுமா என்று சாஃப்ட்வேர்காரரிடம் கேட்டிருக்கிறேன். முடியாது என்றால், எண்ணிக்கையை ராடாக வைத்துக்கொள்ளலாம் என்று கட்டிங் மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். ராடு எண்ணத் தராசும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். ஆனால் ராடு எல்லாம் சரியாக ஆறு மீட்டர் வருவதில்லை. தம்பி இரண்டு லாட் கையாண்ட பிறகு அவரே முடிவெடுக்கட்டும் என்று மூன்று வழியையும் எழுதி, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் மாங்கூழ்

அண்ணா, அந்த ஷட்டர் பூட்டை மட்டும் நீங்கள் போகும் முன் மாற்றச் சொல்லிவிடுங்கள். தூக்கிப் பிடித்துத் திறக்கும் பூட்டை எழுதிக் கொடுப்பதைவிடப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுப்பது மேல்.

ராயக்கோட்டை ரோடு

சரி தங்கச்சி, இன்றைக்கே இன்டென்ட் போடுகிறேன்.